ஜெர்மனியில் ஃபீஸ் இல்லை, சரி... மாசம் 992 யூரோ யார் கொடுப்பது? இரண்டாம் வருடத்தில் உடையும் பட்ஜெட்

"ஜெர்மனியில படிப்பு ஃப்ரீ. 12 லட்சம் மட்டும் அக்கவுண்ட்ல காட்டுங்க. அதுவும் உங்க பணம்தான், மாசா மாசம் உங்களுக்கே திரும்ப வந்துடும். மீதியை பார்ட் டைம்ல பாத்துக்கலாம்."

வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை மையங்களில் உட்கார்ந்த பெற்றோர் பலரும் இந்த வார்த்தைகளைக் கேட்டிருப்பார்கள். இதில் பச்சைப் பொய் என்று எதுவும் இல்லை. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ட்யூஷன் ஃபீஸ் கிடையாது. கட்டிய பணம் மாசா மாசம் வருகிறது. படிக்கும்போது வேலை செய்யவும் சட்டம் அனுமதிக்கிறது. ஆனாலும் இந்த மூன்று உண்மைகளையும் சேர்த்து ஒரு பட்ஜெட் போட்டால், அது பெரும்பாலும் இரண்டாம் வருடத்தில் உடைந்துவிடுகிறது.

காரணம் எளிமையானது. திரும்ப வரும் அந்தப் பணம் வருமானம் அல்ல, மாணவரின் ஒரு வருட வாடகையும் சாப்பாடும்தான். மாஸ்டர்ஸ் படிப்போ இரண்டு வருடம். பலருக்கு அது இரண்டரை வருடமாக நீள்கிறது. கணக்கு போட வேண்டியது 12 மாதங்களுக்கு அல்ல, 30 மாதங்களுக்கு.

ஃபீஸ் உண்மையிலேயே இல்லையா?

ஜெர்மனியின் 16 மாநிலங்களில் பெரும்பாலானவற்றில், அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர்களிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. 'செமஸ்டர் கட்டணம்' என்று ஒன்று மட்டும் உண்டு. மாணவர் நலச் சேவை, மாணவர் அமைப்பு, பல இடங்களில் பஸ், ரயில் பாஸ் எல்லாம் இதில் அடங்கும். ஊரைப் பொறுத்து ஆறு மாதத்துக்கு சுமார் 150 முதல் 400 யூரோ வரை வரும்.

விதிவிலக்குகள் முக்கியம். ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க் ஆகிய ஊர்கள் இருக்கும் பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து, புதிதாகச் சேரும் இத்தகைய மாணவர்களுக்குக் கட்டணம் கொண்டுவந்தது. மாஸ்டர்ஸ் என்றால் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை ஆகலாம்.

மூன்றாவது விதிவிலக்கு தனியார் பல்கலைக்கழகம். அங்கே கட்டணம் லட்சங்களில் ஓடும். 'ஜெர்மனியில் ஃப்ரீ' என்று பேச்சைத் தொடங்கி, கடைசியில் தனியார் கல்லூரி அட்மிஷன் கடிதத்தை நீட்டும் ஏஜென்டுகள் உண்டு. கடிதம் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கல்வி நிறுவனம் அரசுடையதா, தனியாருடையதா என்பதைத்தான்.

992 என்ற எண் எங்கிருந்து வந்தது?

மாணவர் விசாவுக்கு, ஒரு வருடம் வாழத் தேவையான பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்குப் பொதுவான வழி 'ப்ளாக்டு அக்கவுண்ட்'. 2024 செப்டம்பர் முதல் அதில் போட வேண்டிய தொகை 11,904 யூரோ. அதை 12 ஆல் வகுத்தால் 992. ஜெர்மனிக்குப் போய் அங்கே ஒரு சாதாரண வங்கிக் கணக்கு திறந்த பிறகு, மாதம் 992 யூரோ மட்டும் அதற்கு மாறும். அவசரம் என்றாலும் மொத்தமாக எடுக்க முடியாது.

இந்த 992 யூரோ, வசதியில்லாத ஜெர்மன் மாணவர்களுக்கு அந்த அரசு தரும் 'பாஃபெக்' உதவித்தொகையின் உச்சவரம்பு. அதைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் புரியும். சாப்பாடு முதலிய அடிப்படைத் தேவைக்கு 475 யூரோ, வீட்டுக்கு 380 யூரோ, மருத்துவம் மற்றும் பராமரிப்புக் காப்பீட்டுக்கு 137 யூரோ.

அதாவது, மாணவர் 380 யூரோ வாடகையில் இருப்பார் என்பது இந்தக் கணக்கின் அனுமானம். நிஜத்தில், புதிதாக வாடகைக்கு வரும் பகிர்வு அறையின் நாடளாவிய சராசரியே 500 யூரோவை ஒட்டி இருக்கிறது. மியூனிக்கில் அது 800ஐ நெருங்குகிறது. எனவே 992 என்பது விசா அதிகாரி கேட்கும் குறைந்தபட்சத் தொகை. 'இவ்வளவு இருந்தால் போதும்' என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை.

ஒரு மாசத்தை விரித்துப் பார்த்தால்...

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். கோவையில் மெக்கானிக்கல் முடித்த 24 வயது மாணவர் ஒருவர், கட்டணம் வாங்காத அரசுப் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸ் சேருகிறார். ஊர் மியூனிக் மாதிரி காஸ்ட்லி இல்லை, நடுத்தரமானது. மூன்று பேர் சேர்ந்து எடுக்கும் வீட்டில் ஓர் அறை. வெளியே அதிகம் சாப்பிடாமல் சொந்தமாகச் சமைக்கிறார். அவருடைய மாதக் கணக்கு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

- வாடகை, ஹீட்டிங், தண்ணீர் எல்லாம் சேர்த்து: 450 யூரோ
- மருத்துவக் காப்பீடு: 145 யூரோ
- மளிகை, சாப்பாடு: 200 யூரோ
- செமஸ்டர் கட்டணம் (ஆறு மாதத்துக்கு 300 என்றால் மாதக் கணக்கில்): 50 யூரோ
- மொபைல்: 15 யூரோ
- வானொலி, டிவி கட்டணத்தில் பங்கு: 6 யூரோ
- உடை, புத்தகம், முடி வெட்டு, இதர செலவு: 75 யூரோ

மொத்தம் 941 யூரோ. மீதி 51. இதற்குள்தான் செருப்பு அறுந்தால் புதுசு, லேப்டாப் சார்ஜர் போனால் இன்னொன்று. ஊருக்கு வந்துபோக டிக்கெட் இந்தக் கணக்கிலேயே இல்லை. இதே மாணவர் 700 யூரோ வாடகை உள்ள ஊரில் இருந்தால், மாதம் 200 யூரோ துண்டு விழும்.

டிவி கட்டணம் என்ன என்று குழம்ப வேண்டாம். ஜெர்மனியில் ஒவ்வொரு வீடும் பொது ஒலிபரப்புக்கு மாதம் 18.36 யூரோ கட்ட வேண்டும். வீட்டில் டிவி இல்லை என்றாலும் கட்ட வேண்டும். மூன்று பேர் இருந்தால் பங்கு போட்டுக்கொள்ளலாம். கடிதம் ஜெர்மன் மொழியில் வருவதால் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பிறகு பாக்கியும் அபராதமும் சேர்ந்து வருகிறது.

முதல் மாதம்: யாரும் சொல்லாத 1,600 யூரோ

மாதக் கணக்கு சரியாக இருந்தாலும், முதல் மாதம் அதற்குள் அடங்காது. வாடகை விளம்பரங்களில் இரண்டு எண்கள் இருக்கும். 'கால்ட்' என்றால் வெறும் அறை வாடகை. 'வார்ம்' என்றால் ஹீட்டிங், தண்ணீர் உட்பட. சிறிய எண்ணைப் பார்த்து மகிழ்ந்து, பெரிய எண்ணைக் கட்டுவதுதான் வழக்கமான முதல் ஏமாற்றம்.

அட்வான்ஸ் கால்ட் வாடகையை வைத்துக் கணக்கிடப்படும். சட்டப்படி அதிகபட்சம் மூன்று மாத கால்ட் வாடகை கேட்கலாம். நம் மாணவரின் 450 யூரோவில் கால்ட் 350 என்றால், அட்வான்ஸ் 1,050 யூரோ. காலி செய்யும்போதுதான் திரும்பக் கிடைக்கும்.

அத்துடன் முதல் மாத வாடகை 450, செமஸ்டர் கட்டணம் 300, மெத்தை, போர்வை, பாத்திரம் 250, தங்கும் அனுமதிக் கட்டணம் சுமார் 100, காப்பீடு 145, சாப்பாடும் சில்லறைச் செலவும் 300. கூட்டினால் ஏறக்குறைய 2,600 யூரோ. ப்ளாக்டு அக்கவுண்டிலிருந்து வருவது 992. தனியாகக் கையில் எடுத்துப் போக வேண்டியது சுமார் 1,600 யூரோ.

அந்த 992 கூட இறங்கிய அன்றே வராது. ஊருக்குப் போனதும் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்குப் பெயர் 'அன்மெல்டுங்'. இதற்கு, 'இவர் என் வீட்டில் இருக்கிறார்' என்று வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். வங்கிக் கணக்கு, வரி எண், தங்கும் அனுமதி எல்லாம் பெரும்பாலும் இந்தப் பதிவுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கின்றன.

இங்கேதான் மலிவு அறை சில நேரம் காஸ்ட்லி ஆகிறது. "அறை இருக்கு, ஆனா அன்மெல்டுங் பண்ண முடியாது" என்று உள்வாடகைக்குக் கொடுப்பவர்கள் உண்டு. மாதம் 100 யூரோ குறைவு என்று அதில் போய் உட்கார்ந்தால், பதிவு தள்ளிப்போகும். பதிவு தள்ளிப்போனால் சொந்தப் பணமே கைக்கு வராமல் நிற்கலாம். அறையைப் பார்க்காமல், "நான் வெளிநாட்டில் இருக்கேன், அட்வான்ஸ் அனுப்புங்க, சாவி கூரியர்ல வரும்" என்று சொல்பவருக்குப் பணம் அனுப்புவது இன்னும் மோசம். அது பழைய மோசடி. புது மாணவர்கள்தான் அதற்கு இலக்கு.

மலிவும் பாதுகாப்பும் சேர்ந்து கிடைப்பது, மாணவர் நல அமைப்புகள் நடத்தும் விடுதிகளில். ஆனால் காத்திருப்புப் பட்டியல் பல ஊர்களில் ஒரு செமஸ்டருக்கு மேல் நீள்கிறது. அட்மிஷன் கடிதம் வந்த அன்றே விண்ணப்பிப்பவருக்கும், விசா வந்த பிறகு விண்ணப்பிப்பவருக்கும் இடையே வாடகையில் மாதம் 100 யூரோவுக்கு மேல்கூட வித்தியாசம் வரலாம்.

காப்பீட்டில் சிக்கனம் வேண்டாம்

ஜெர்மனியில் மருத்துவக் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் பெயரைப் பதிவு செய்யவே முடியாது. 30 வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்கு அரசு சார்ந்த பொதுக் காப்பீட்டில் சலுகை விலை உண்டு. பராமரிப்புக் காப்பீடும் சேர்த்து மாதம் 140 முதல் 150 யூரோ ஆகும். டாக்டர், ஆஸ்பத்திரி, அறுவை சிகிச்சை இதில் அடங்கும். ஒவ்வொரு மருந்துக்கும் பொதுவாக 5 முதல் 10 யூரோ கைக்காசு போகும். கண்ணாடிச் செலவு பெரும்பாலும் நம்முடையது.

மாதம் 145 யூரோவைப் பார்த்ததும், 40, 50 யூரோவுக்குக் கிடைக்கும் தனியார் பாலிசி மீது கண் போகும். அதில் ஒரு பொறி இருக்கிறது. தனியார் பாலிசிக்குப் போக, பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்கு எழுதி வாங்க வேண்டும். ஒருமுறை வாங்கினால் அந்தப் படிப்பு முடியும்வரை திரும்ப முடியாது. மலிவு பாலிசிகளில் ஏற்கெனவே இருக்கும் நோய், பல் சிகிச்சை, மனநலம் போன்றவற்றுக்கு விலக்கும் வரம்பும் அதிகம். மாதம் 100 யூரோ மிச்சம் என்று தொடங்கியவர், ஒரு ஆஸ்பத்திரி பில்லில் ஒரு வருட மிச்சத்தையும் இழக்கலாம்.

30 வயது தாண்டியவர்களுக்குக் கணக்கே வேறு. சலுகை விலை முடிந்துவிடும். பொதுக் காப்பீட்டில் தொடர்ந்தால் மாதம் 250 யூரோவுக்கு மேல் போகும். ஐந்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டு 29 வயதில் கிளம்புகிறவர், இரண்டாம் வருடத்துக்கான பட்ஜெட்டில் இந்த 100 யூரோ கூடுதலை இப்போதே எழுதிக்கொள்ள வேண்டும். காப்பீட்டுப் பணத்தைக் கட்டாமல் விட்டால் பாக்கித் தகவல் பல்கலைக்கழகத்துக்குப் போகும். அடுத்த செமஸ்டர் பதிவே சிக்கலாகலாம்.

பார்ட் டைம்: சட்டம் தருவதும் சந்தை தருவதும்

2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். நான்கு மணி நேரம் வரை என்றால் அரை நாள். வாரம் ஐந்து நாள், தினமும் நான்கு மணி நேரம் என்றால் வருடம் முழுக்கச் சேர்த்தும் 260 அரை நாள்தான். பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியரின் உதவியாளராகச் செய்யும் 'ஹிவி' வேலை இந்த எண்ணிக்கையில் சேராது.

இன்னொரு வரம்பும் உண்டு. வகுப்பு நடக்கும் மாதங்களில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டினால், பொதுவாகக் காப்பீட்டு விதியில் 'மாணவர்' என்ற சலுகை போய், சம்பளத்தில் முழுப் பிடித்தம் தொடங்கும். இரண்டு இடத்தில் வேலை என்றால் இரண்டின் நேரத்தையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். சுயதொழிலுக்கு இந்த அனுமதி பொருந்தாது. "நீங்க சும்மா ஒரு தொழில் பதிவு மட்டும் எடுத்துட்டு டெலிவரி ஓட்டுங்க" என்று யாராவது சொன்னால், வெளிநாட்டவர் அலுவலகத்தின் தனி அனுமதி இல்லாமல் அது விசா விதிமீறல்.

2026 ஜனவரி முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13.90 யூரோ. இதில் இரண்டு வகை வேலை நடைமுறையில் உண்டு.

முதலாவது 'மினிஜாப்'. மாதம் 603 யூரோ வரை சம்பாதிக்கலாம். குறைந்தபட்ச ஊதியத்தில் இது மாதம் 43 மணி நேரம், அதாவது வாரம் சுமார் 10 மணி நேரம். ஓய்வூதியப் பங்களிப்பிலிருந்து விலக்கு கேட்டு எழுதிக் கொடுத்தால், ஏறக்குறைய முழுத் தொகையும் கைக்கு வரும். உணவகம், சூப்பர் மார்க்கெட், கிடங்கு வேலைகள் பெரும்பாலும் இந்த வகை.

இரண்டாவது 'வெர்க்ஸ்டூடன்ட்'. கம்பெனிகளில் படிப்புக்கு ஏற்ற வேலை, வாரம் 20 மணி நேரம் வரை. குறைந்தபட்ச ஊதியத்திலேயே மாதம் 1,200 யூரோ வரும். ஓய்வூதியத்துக்கு 9.3 சதவீதம் போனாலும் கையில் 1,090க்கு அருகில் நிற்கும். நம் மாணவரின் 941 யூரோ மாதச் செலவு முழுவதையும் இதுவே தாங்கிவிடும்.

"அப்புறம் என்ன பிரச்சினை?" என்று தோன்றும். பிரச்சினை சட்டத்தில் இல்லை, வேலை எப்போது கிடைக்கும் என்பதில் இருக்கிறது. முதல் செமஸ்டர் பதிவு, வங்கி, அறை தேடல், புது பாடமுறை, முதல் தேர்வு என்று கரைந்துவிடும். உணவக வேலைக்கே ஓரளவு ஜெர்மன் பேசத் தெரிய வேண்டும். வெர்க்ஸ்டூடன்ட் வேலைக்கு ஆங்கிலம் மட்டும் போதும் என்கிற கம்பெனிகள் ஐடி துறையில் உண்டு, மெக்கானிக்கல் போன்ற துறைகளில் குறைவு. அந்த வேலைகளுக்கும் ஒரே நேரத்தில் ஊரில் இருக்கும் அத்தனை மாணவர்களும் விண்ணப்பிக்கிறார்கள். முதல் வருடத்தில் வேலை கிடைத்தால் அது போனஸ். பட்ஜெட்டில் அந்த வருடத்துக்கான வருமானம் பூஜ்யம் என்று எழுதுவதுதான் நியாயம்.

30 மாதக் கணக்கு

இனி எல்லாவற்றையும் சேர்க்கலாம். எளிமைக்காக 1 யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிஜ மாற்று விலை இதைவிடக் கூடுதலாகவே இருப்பதால், ரூபாய்த் தொகை கொஞ்சம் ஏறத்தான் செய்யும்.

முதல் வருடம்: 12 மாதச் செலவு 11,292, அட்வான்ஸ் 1,050, வீட்டுச் சாமானும் தங்கும் அனுமதியும் 350. மொத்தம் 12,692 யூரோ. கையில் இருப்பது ப்ளாக்டு அக்கவுண்டின் 11,904, தனியாகக் கொண்டுபோன 1,600. வேலை இல்லை என்று வைத்தாலும் வருடக் கடைசியில் 812 யூரோ மிஞ்சும். எல்லாம் நன்றாகப் போகிறது என்று தோன்றும் வருடம் இது.

இரண்டாம் வருடம்: செலவு அதே 11,292. ப்ளாக்டு அக்கவுண்ட் காலி. மினிஜாப் கிடைத்து 10 மாதம் முழு 603 சம்பாதித்தால் 6,030. முந்தைய மிச்சம் 812 சேர்த்தும் 4,450 யூரோ குறைகிறது. நான்கரை லட்சம் ரூபாய்.

ஐந்தாவது செமஸ்டர்: தீசிஸ் இழுத்துக்கொண்டது, ஒரு பேப்பர் பாக்கி என்று ஆறு மாதம் நீண்டால் 5,646 யூரோ. தீசிஸ் நேரத்தில் மூன்று மாதம் மட்டும் மினிஜாப் என்றால் 1,809. பாக்கி 3,837.

வீட்டிலிருந்து போக வேண்டிய மொத்தம் 21,791 யூரோ. ரூபாயில் கிட்டத்தட்ட 22 லட்சம். கிளம்பும் முன் ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய், விசாவுக்கு 75 யூரோ, விண்ணப்பக் கட்டணங்கள், மொழித் தேர்வு, விமான டிக்கெட் என ஒன்றரை லட்சம் தனி. ஆக, மினிஜாப் கிடைத்தாலே 23 லட்சத்துக்கு மேல். வேலையே கிடைக்காவிட்டால் 31 லட்சம். இரண்டாம் வருடத் தொடக்கத்திலேயே வெர்க்ஸ்டூடன்ட் வேலை கிடைத்தால் 15 லட்சத்தில் முடிந்துவிடும். அட்வான்ஸ் 1,050 யூரோ கடைசியில் திரும்ப வரும் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

ஒரே மாணவர், ஒரே ஊர், ஒரே அறை. 15 லட்சத்துக்கும் 31 லட்சத்துக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம், வேலை எப்போது கிடைத்தது என்பது மட்டும்தான். அப்படி நிச்சயமில்லாத ஒன்றின் மேல் குடும்பத்தின் கடனை நிறுத்தலாமா என்பதுதான் இங்கே நிஜமான கேள்வி.

கைமாத்து வாங்கி 'காட்டும்' ஆபத்து

மிக மோசமாக உடையும் பட்ஜெட் இன்னொன்று உண்டு. 12 லட்சத்தை வட்டிக்கு வாங்கி ப்ளாக்டு அக்கவுண்டில் போடுவது, பிறகு மாதம் வரும் 992 யூரோவிலிருந்து அந்தக் கடனை அடைப்பது. 'காட்டத்தானே பணம்' என்ற எண்ணம் இதற்குக் காரணம்.

அந்த 992ல் மாதம் 500 யூரோ ஊருக்குத் திரும்பிப் போனால், மாணவர் கையில் 492. வாடகை 450. காப்பீட்டுக்கும் சாப்பாட்டுக்கும் முதல் மாதத்திலிருந்தே வேலை பார்த்தாக வேண்டும். அப்படி நெருக்கடியில் இருப்பவர்தான் கணக்கில் காட்டாத ரொக்க வேலைக்குப் போகிறார், 20 மணி நேரத்தைத் தாண்டுகிறார், தேர்வைத் தள்ளிப்போடுகிறார். தேர்வு தள்ளினால் செமஸ்டர் நீளும். செமஸ்டர் நீண்டால் மாதம் 941 யூரோ மறுபடி ஓடத் தொடங்கும். மிச்சம் பிடிக்கப் போட்ட திட்டமே செலவைக் கூட்டுகிறது.

வங்கியில் கல்விக்கடன் எடுப்பது இதைவிட எவ்வளவோ நல்லது. ஆனால் அதிலும் ஒரு வரியைப் படிக்காமல் விடுகிறார்கள். தவணை தொடங்குவது படிப்பு முடிந்து சில மாதம் அல்லது ஒரு வருடம் கழித்து என்றாலும், வட்டி பணம் வழங்கிய நாளிலிருந்தே ஓடுகிறது. 12 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, மூன்று வருடம் என்றால் சாதாரண வட்டியே 3.96 லட்சம். கடன் கேட்கும்போதே முதல் வருடத் தொகையுடன் நிறுத்தாமல், இரண்டாம் வருடத் தொகையையும் சேர்த்து அனுமதி வாங்கி, தேவைப்படும்போது மட்டும் எடுப்பது புத்திசாலித்தனம். எடுக்காத பணத்துக்கு வட்டி இல்லை. நடுவில் வெளிநாட்டில் இருந்துகொண்டு புதுக் கடனுக்கு அலைவதுதான் கஷ்டம்.

இரண்டாவது முறையும் கேட்பார்கள்

தங்கும் அனுமதி பொதுவாக ஒன்று முதல் இரண்டு வருடத்துக்குத்தான். புதுப்பிக்கப் போகும்போது வெளிநாட்டவர் அலுவலகம் மறுபடி கேட்கும்: "அடுத்த காலத்துக்குப் பணம் எங்கே?" அளவுகோல் பெரும்பாலும் அதே மாதம் 992.

இந்த இடத்தில் பார்ட் டைம் உதவும். வேலை ஒப்பந்தமும் சம்பளச் சீட்டும் இருந்தால் அந்த வருமானத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. மினிஜாப்பில் 603 வருகிறது என்றால் மீதி 389. அதை 12 மாதத்துக்குக் காட்ட 4,668 யூரோ வேண்டும். ரொக்க வேலை பார்த்தவரிடம் காட்டச் சீட்டு இருக்காது. அவர் முழு 11,904ஐயும் மறுபடி திரட்ட வேண்டியிருக்கும். 20 மணி நேர விதிக்குள், கணக்கில் வரும் வேலை பார்ப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

எதை வைத்து முடிவெடுப்பது?

ஜெர்மனிக்குப் போகக் கூடாது என்பதல்ல இந்தக் கணக்கின் பொருள். கட்டணமே பல பத்து லட்சம் ஆகும் நாடுகளோடு ஒப்பிட்டால் 22 லட்சத்தில் ஒரு மாஸ்டர்ஸ் இன்னமும் குறைந்த செலவுதான். ஆனால் 22 லட்சத்தை 12 லட்சம் என்று நம்பிப் போவதும், 22 லட்சம் என்று தெரிந்தே போவதும் ஒன்றல்ல.

கிளம்பும் முன் குடும்பம் பதில் தேட வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: முதல் வருடம் ஒரு பைசா சம்பாதிக்காமலும், இரண்டாம் வருடம் மினிஜாப் மட்டுமே வைத்தும் படிப்பை முடிக்க முடியுமா? முடியும் என்றால் தாராளமாகப் போகலாம். பிறகு வரும் நல்ல வேலை கடனைச் சீக்கிரம் அடைக்க உதவும். முடியாது என்றால், ஆறு மாதம் தள்ளிப் போவது தப்பில்லை. அந்த ஆறு மாதத்தில் இங்கேயே வேலை பார்த்துக் கொஞ்சம் சேர்க்கலாம், ஜெர்மன் மொழியில் பி1 நிலை வரை படிக்கலாம், வாடகை குறைந்த ஊர்களில் விண்ணப்பித்து விடுதிப் பட்டியலில் பெயரை ஏற்றலாம். மூன்றுமே பட்ஜெட்டில் நேரடியாகப் பிரதிபலிக்கும்.

ஆலோசனை மையத்தில் அடுத்த முறை "அந்தப் பணம் திரும்ப வந்துடும்" என்று சொன்னால், திருப்பிக் கேட்க வேண்டியது இதுதான்: "சரிங்க, பதிமூணாவது மாசம் என்ன வரும்?"